சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி... எல்லாமே யூரின் இன்ஃபெக்‌ஷன்தானா? முதல் மாத்திரைக்கு முன் கவனிக்க வேண்டியது என்ன?

"யூரின் போனா எரியுது. போய்ட்டு வந்த அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் போகணும் போல இருக்கு. அடிவயிறு வேற கனமா வலிக்குது..." மெடிக்கல் ஷாப்பில் இந்த மூன்றையும் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த நிமிடமே ஒரு அட்டை மாத்திரையும் ஒரு பாட்டில் சிரப்பும் கைக்கு வந்துவிடும். வீட்டில் சொன்னால், "சூடு பிடிச்சிருக்கு, கால் கட்டை விரல்ல சுண்ணாம்பு வை" என்பார்கள்.

இரண்டு இடத்திலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இது உண்மையிலேயே சிறுநீர்த் தொற்றுதானா? அதாவது கிருமியால் வந்ததா, இல்லை வேறு ஏதாவதா?

பெண்களைப் பொறுத்தவரை, பெரும்பாலான நேரம் பதில் "ஆமாம், தொற்றுதான்" என்பதாகவே இருக்கும். ஆனால் மீதி இருக்கும் சிலருக்கு, தப்பான மாத்திரை வாரக்கணக்கில் உண்மையான நோயை மறைத்து வைத்துவிடும். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது?

சிறுநீரகத்தில் உருவாகும் சிறுநீர், இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக சிறுநீர்ப்பையில் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒரே பாதை வழியாக வெளியே வருகிறது. இந்தக் கடைசிப் பாதை ஆண்களுக்கு சுமார் 20 செ.மீ. நீளம். பெண்களுக்கோ சுமார் 4 செ.மீ.தான். அதோடு, மலவாயும் அதற்கு மிக அருகில் இருக்கிறது. நம் குடலில் சாதுவாக வாழும் இ.கோலை என்ற பாக்டீரியா, இந்தக் குறுகிய பாதையில் ஏறி சிறுநீர்ப்பைக்குள் போய்விட்டால், உள்சுவர் வீங்கிப் புண்ணாகிறது. பெண்களுக்கு இந்தப் பிரச்னை அதிகம் வர முக்கியக் காரணம் இந்த உடலமைப்புதான், சுத்தமின்மை அல்ல. தாம்பத்திய உறவுக்குப் பிறகு சிலருக்கு வருவதும் இதே காரணத்தால்தான். அதை பால்வினை நோய் என்று நினைத்துப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் இருக்கத் தேவையில்லை.

வீங்கிய சிறுநீர்ப்பை, கொஞ்சம் சிறுநீர் சேர்ந்தாலே நிரம்பிவிட்டதாக மூளைக்குச் செய்தி அனுப்பும். அதனால்தான் அடிக்கடி போகத் தோன்றுகிறது. போனால் நாலு சொட்டுதான் வரும். நம் ஊரில் 'நீர்க்கடுப்பு', 'சொட்டு மூத்திரம்' என்று சொல்வது இதைத்தான். தொப்புளுக்குக் கீழே, நடுவில் ஒரு அழுத்தமான வலி இருக்கும். சிறுநீர் கலங்கலாகவோ, சில நேரம் லேசான சிவப்பாகவோ வரலாம். காய்ச்சல் பொதுவாக இருக்காது. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்போ 'சூடு' என்பது சும்மாவா? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் சிறுநீர் அடர் மஞ்சளாகி, போகும்போது சுருக்கென்று இருக்கும். தண்ணீர், இளநீர், மோர் என்று குடித்ததும் ஒரே நாளில் சரியாகிவிடும். நன்றாகத் தண்ணீர் குடித்து, சிறுநீர் வெளிர் நிறமாக வந்த பிறகும் எரிச்சல் அப்படியே இருக்கிறது என்றால், அது சூடு இல்லை. சுண்ணாம்பு விஷயத்தைப் பொறுத்தவரை, கட்டை விரலில் வைக்கும் எதுவும் சிறுநீர்ப்பையில் இருக்கும் பாக்டீரியாவைத் தொடாது.

டாக்டர் கேட்கும் ஒரு கேள்வி

எரிச்சலோடு வரும் ஒரு பெண்ணிடம் டாக்டர் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி சிறுநீர் பற்றியது அல்ல. "வெள்ளைப்படுதல் புதுசா இருக்காம்மா? அந்த இடத்துல அரிப்பு இருக்கா?" என்பதுதான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. எரிச்சலும் அடிக்கடி போகும் உணர்வும் சேர்ந்து இருந்து, வெள்ளைப்படுதலோ அரிப்போ இல்லை என்றால், அது சிறுநீர்த் தொற்றாக இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பதுக்கும் மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதே எரிச்சலோடு அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருந்தால் கணக்கு அப்படியே மாறிவிடும். அப்போது சந்தேகப்பட வேண்டியது பிறப்புறுப்புத் தொற்றை. அதில் சிறுநீர்ப்பை நன்றாகவே இருக்கும். வெளியே புண்ணாகிச் சிவந்திருக்கும் தோலின் மேல் சிறுநீர் படும்போது எரியும்.

அதனால் எரிச்சல் உள்ளேயா, வெளியேயா என்று கவனித்துப் பாருங்கள். சிறுநீர் வரும்போதே உள்ளுக்குள் எரிந்தால் அது ஒரு பக்கம். வெளியே வந்து தோலில் பட்ட பிறகு சுரீரென்றால் அது வேறு பக்கம். தயிர் திரிந்தது போல வெள்ளைப்படுதலும் கடும் அரிப்பும் இருந்தால் பெரும்பாலும் அது கேண்டிடா என்ற பூஞ்சை. பூஞ்சைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, பூஞ்சை இன்னும் செழிப்பாக வளரும். "மாத்திரை போட்டும் எரிச்சல் கூடிட்டே போகுது" என்று சொல்பவர்களில் சிலரின் கதை இதுதான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகளை இப்போது நிறைய பேருக்கு எழுதுகிறார்கள். இவை உடம்பில் இருக்கும் கூடுதல் சர்க்கரையை சிறுநீர் வழியாக வெளியேற்றும். நல்ல மருந்துகள்தான். ஆனால் சர்க்கரை கலந்த சிறுநீர் படும் இடத்தில் பூஞ்சை வளர்வது எளிது. பெண்களுக்கு அரிப்பு, எரிச்சல் வரும். ஆண்களுக்கு முன்தோலில் சிவப்பும் வெடிப்பும் வரும். இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு எரிச்சல் வந்திருந்தால், அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்தப் பகுதியின் தோல் மெலிந்து உலர்ந்து போகும். கிருமியே இல்லாமல் எரியும். அதே உலர்வு கிருமி ஏறுவதற்கும் வழி விடும் என்பதால், தொற்றும் திரும்பத் திரும்ப வரும். "வயசானா அப்படித்தான்" என்று நம் அம்மாக்கள் பொறுத்துக்கொள்ளும் இந்தப் பிரச்னைக்கு, அந்த இடத்தில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் என்ற சிகிச்சை இருக்கிறது. யாருக்கு ஏற்றது என்பதை மகப்பேறு டாக்டர் முடிவு செய்வார்.

மூன்று முறை மாத்திரை, மூன்று முறை வலி: ஒரு உதாரணம்

இப்போது ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். டாக்டர்கள் அடிக்கடி பார்க்கும் வகைதான், ஆனால் ஆள் கற்பனை. ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கும் 38 வயது அக்கா. காலை 9.30-க்குக் கடைக்குள் போனால் இரவு 9 மணி வரை நிற்க வேண்டும். டாய்லெட் மூணாவது மாடியில். அடிக்கடி போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர். (கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தம் வந்தது. டாய்லெட் போக விடுகிறார்களா என்பது இன்னும் கடைக்குக் கடை மாறுகிறது.)

ஒருநாள் மாலை எரிச்சல் ஆரம்பிக்கிறது. அடிக்கடி போகத் தோன்றுகிறது. அடிவயிற்றில் வலி, கொஞ்சம் இடது பக்கமாக. மெடிக்கல் ஷாப்பில் சொல்கிறார். "யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்க்கா, அஞ்சு நாளைக்குத் தரேன்" என்று ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை, ஒரு சிரப். இரண்டே நாளில் எல்லாம் சரியாகிவிடுகிறது. மீதி மாத்திரை பீரோவுக்குப் போகிறது.

பத்து நாள் கழித்து அதே எரிச்சல், அதே வலி. இந்த முறை "பவர் ஜாஸ்தி" உள்ள வேறு ஆன்டிபயாடிக். மறுபடியும் மூன்று நாளில் நிம்மதி. அதற்கடுத்த வாரம் மூன்றாவது முறை. இப்போது வலி இடது இடுப்புக்குப் பின்னால் ஆரம்பித்து, முன்பக்கம் இறங்கி, தொடை இடுக்கு வரை இழுக்கிறது. ஒருமுறை வாந்தியும் வருகிறது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

டாக்டர் முதலில் கேட்டது, "வலி நடுவுலயா, ஒரு பக்கமாவா? ஒரே மாதிரி இருக்கா, வந்து வந்து போகுதா?" அக்காவின் பதில்: "இடது பக்கம்தான் டாக்டர். அலை மாதிரி வருது. வந்தா உட்காரவும் முடியல, படுக்கவும் முடியல." காய்ச்சல் இல்லை. வெள்ளைப்படுதல், அரிப்பு இல்லை. மாதவிடாய் இரண்டு நாள் தள்ளிப்போயிருந்ததால், முதல் வேலையாக கர்ப்பப் பரிசோதனை. நெகட்டிவ்.

சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட் வருகிறது. பஸ் செல்ஸ், அதாவது சீழ் செல்கள், 4 முதல் 6. பெரும்பாலான லேப்களில் 5 வரை சாதாரணம் என்பார்கள், எனவே இது பெரிதாக ஒன்றுமில்லை. நைட்ரைட் நெகட்டிவ். ஆனால் ரத்தச் சிவப்பணுக்கள் 25 முதல் 30. இங்கேதான் கதை திரும்புகிறது. தொற்று என்றால் சீழ் செல்கள் குவிந்திருக்க வேண்டும், ரத்தம் அதோடு கொஞ்சம் இருக்கலாம். இங்கே சீழ் செல் இல்லாமல் ரத்தம் மட்டும் இருக்கிறது.

கல்ச்சருக்கு மாதிரி அனுப்பிவிட்டு, தண்ணீர் குடிக்க வைத்து சிறுநீர்ப்பை நிரம்பியதும் ஸ்கேன் எடுக்கிறார்கள். இடது சிறுநீர்க் குழாய் சிறுநீர்ப்பையோடு சேரும் வாசலில் 5 மி.மீ. கல். அதற்கு மேலே குழாயும் சிறுநீரகமும் லேசாக வீங்கியிருக்கின்றன. இரண்டு நாள் கழித்து வந்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமி எதுவும் வளரவில்லை. அவர் போன வாரம்வரை ஆன்டிபயாடிக் சாப்பிட்டதால் அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் முழுசாக நம்ப முடியாது. ஆனால் வலி, ரத்தம், ஸ்கேன் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

கல் இருந்தால் ஏன் எரிய வேண்டும்? அந்த வாசல் சிறுநீர்ப்பையின் சுவருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே சிக்கிய கல் சுவரை உரசிக்கொண்டே இருப்பதால், புண்ணான சிறுநீர்ப்பை அனுப்பும் அதே செய்திகள்தான் மூளைக்குப் போகும். எரிச்சல், அவசரம், அடிவயிற்று வலி என எல்லாமே அச்சு அசலாகத் தொற்று மாதிரி.

சரி, அப்போ முதல் இரண்டு முறையும் மாத்திரை எப்படிக் கேட்டது? கேட்டது ஆன்டிபயாடிக் இல்லை. கூடவே வந்த வலி மாத்திரை வலியைக் குறைத்தது. சிரப் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து எரிச்சலை மட்டுப்படுத்தியது. உடம்பு சரியில்லை என்று வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்தார். அதற்கும் மேல், கல் வலியின் குணமே வந்து வந்து போவதுதான். கல் கொஞ்சம் நகர்ந்தால் வலிக்கும், ஒரு இடத்தில் அடங்கிவிட்டால் நாள்கணக்கில் சத்தமே இருக்காது. ஆக, "மாத்திரை போட்டதும் சரியாச்சு, அதனால இன்ஃபெக்‌ஷன்தான்" என்ற முடிவுக்கு இங்கே எந்த ஆதாரமும் இல்லை.

5 மி.மீ. வரையிலான கற்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தானாகவே வெளியேறிவிடும். அக்காவுக்கு டாக்டர் வலி மாத்திரையும், குழாயின் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசினும் எழுதினார். சிறுநீரை டீ வடிகட்டி மாதிரி ஒரு வலையில் பிடித்துப் பார்க்கவும், கல் கிடைத்தால் எடுத்துவரவும் சொன்னார். சில வாரங்களில் மறுபடி ஸ்கேன். அதற்குள் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் அந்த நிமிடமே வர வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு. கல் அடைத்திருக்கும் சிறுநீரகத்தில் கிருமியும் சேர்ந்துவிட்டால், சில மணி நேரங்களில் அது ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரைக்கு முன் மாதிரி

இளம் வயது, கர்ப்பம் இல்லை, வேறு நோய் இல்லை, முதல் முறை வருகிறது, அறிகுறிகளும் தெளிவாக இருக்கின்றன என்றால், கல்ச்சர் எடுக்காமலேயே டாக்டர் சிகிச்சை தொடங்குவது உண்டு. அது தவறில்லை. ஆனால் கர்ப்பிணிகள், ஆண்கள், சர்க்கரை நோயாளிகள், மறுபடி மறுபடி வருபவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள் ஆகியோருக்கு கல்ச்சர் அவசியம். அதுவும் முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே மாதிரி கொடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் போட்டுவிட்டாலும் கிருமி லேப்பில் வளராமல் போகலாம். கிருமி இல்லாததால் வளரவில்லையா, மாத்திரையால் வளரவில்லையா என்பது அப்புறம் யாருக்கும் தெரியாது.

மாதிரி எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. லேப்பில் டப்பாவைக் கையில் கொடுத்து "பிடிச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொல்வார்கள், மீதியை யாரும் சொல்ல மாட்டார்கள். கையையும் அந்த இடத்தையும் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். பெண்கள் தோலைச் சற்று விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆண்கள் முன்தோலைப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடித்து, கடைசியையும் விட்டுவிட வேண்டும். டப்பாவின் உள்பக்கம் விரல் படக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேப்பில் சேர்ந்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் அல்ல. வெளியே வைத்துவிட்டு மதியம் கொண்டுபோய்க் கொடுத்தால், அதற்குள் டப்பாவிலேயே பாக்டீரியா பெருகி, இல்லாத நோய் ரிப்போர்ட்டில் வந்து நிற்கும்.

கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு, மூன்று நாள் ஆகும். ஒரு மில்லி சிறுநீரில் ஒரே வகைக் கிருமி 1 லட்சத்துக்கு மேல் வளர்ந்திருந்தால் தொற்று என்று எடுத்துக்கொள்வார்கள். தெளிவான அறிகுறி உள்ள பெண்களுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் தொற்றாக இருக்கலாம். மூன்று, நான்கு வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்தது என்று வந்தால், பெரும்பாலும் மாதிரி எடுத்தபோது தோலில் இருந்து கலந்தவை என்று அர்த்தம். மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

ரிப்போர்ட்டின் கீழே எந்த மருந்துக்குக் கிருமி சாகும், எதற்குச் சாகாது என்று ஒரு பட்டியல் இருக்கும். அதுதான் அந்த ரிப்போர்ட்டின் உயிர். மெடிக்கல் ஷாப்பில் வழக்கமாகக் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளுக்கு இந்தியாவில் இ.கோலை பெருமளவு பழகிவிட்டது என்பதை ஐ.சி.எம்.ஆர். கண்காணிப்பு அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. சிறுநீர்ப்பையோடு நிற்கும் சாதாரணத் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயின் 100 மி.கி. தினம் இருவேளை 5 நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பவுடர் ஒரே ஒரு முறை என்று டாக்டர்கள் எழுதுவது இதனால்தான். நைட்ரோஃபியூரன்டாயின் சிறுநீரில்தான் செறிவாகச் சேரும். எனவே சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கு உதவாது. சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கும், பிரசவ தேதி நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க மாட்டார்கள். அளவு தெரிந்துவிட்டது என்று நேராகக் கடைக்குப் போய் வாங்காதீர்கள் என்று சொல்வதற்காகவே இவ்வளவும்.

சரியான மருந்து என்றால் இரண்டு, மூன்று நாளில் எரிச்சல் நன்றாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் மருந்து தவறு, அல்லது நோயே வேறு. மாத்திரையை மாற்றிப் பார்ப்பதற்கு முன் டாக்டரைப் பார்ப்பதுதான் சரி.

சீழ் செல் இருக்கு, கிருமி இல்லை!

சிலருக்கு சீழ் செல்கள் நிறைய இருக்கும், ஆனால் கல்ச்சரில் ஒன்றுமே வளராது. ஆன்டிபயாடிக் எதுவும் சாப்பிட்டிருக்கவும் மாட்டார்கள். இங்கே முக்கியமாக இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும்.

ஒன்று, பால்வினைத் தொற்று. கிளாமிடியா, கொனோரியா கிருமிகள் சாதாரண சிறுநீர்க் கல்ச்சரில் வளராது, தனிப் பரிசோதனை வேண்டும். புதிய துணை, ஆண்களுக்குச் சிறுநீர்த் துவாரத்தில் கசிவு, பெண்களுக்கு உறவின்போது வலி, இடையிடையே ரத்தக்கசிவு என்றால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெண்களுக்குக் கிருமி கர்ப்பப்பைக் குழாய் வரை ஏறினால் அடிவயிற்று வலி கூடும், பின்னால் குழந்தையின்மைக்கும் காரணமாகலாம். சிகிச்சை இருவருக்கும் சேர்த்துத்தான். அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, விவரங்களை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு, காசநோய். நுரையீரலில் மட்டும் வருவதல்ல அது. சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் வரும். மாதக்கணக்கில் எரிச்சல், ராத்திரியில் பல முறை எழுந்து போவது, எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காதது, திரும்பத் திரும்ப "கிருமி வளரவில்லை" என்ற ரிப்போர்ட், இவை சேர்ந்தால் இந்தியாவில் இதை நினைக்காமல் விடக் கூடாது. தொடர்ந்து மூன்று நாள் காலை முதல் சிறுநீரை எடுத்துத் தனியாகப் பரிசோதிப்பார்கள். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

ஆண்களுக்கு வந்தால்?

ஆண்களின் பாதை நீளமானது என்று மேலே பார்த்தோம். கிருமி அவ்வளவு எளிதில் ஏறாது. அப்படியும் ஏறிவிட்டது என்றால், ஏன் என்று தேட வேண்டும். 50 வயதுக்கு மேல் என்றால் பெரும்பாலும் புராஸ்டேட் வீக்கம். சிறுநீர் முழுசாக வெளியேறாமல் பையில் தேங்குகிறது, தேங்கிய இடத்தில் கிருமி வளர்கிறது. ஸ்கேன் எடுக்கும்போது சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு மீதி இருக்கிறது என்றும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். இளம் வயதில் என்றால் பால்வினைத் தொற்று அல்லது கல்.

எரிச்சலோடு குளிர் காய்ச்சலும், விதைப்பைக்கும் மலவாய்க்கும் நடுவே வலியும் இருந்தால் அது புராஸ்டேட் சுரப்பியிலேயே தொற்று. இதற்கு மூன்று, ஐந்து நாள் மாத்திரை போதாது, வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும். வலி குறைந்ததும் பாதியில் நிறுத்துபவர்களுக்கு இதுதான் நாள்பட்ட தொல்லையாக மாறும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சிறுநீர்ப்பைத் தொற்றில் காய்ச்சல் பொதுவாக இருக்காது என்று சொன்னோம் இல்லையா? எரிச்சலோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா எலும்புக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி வந்தால், கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயதானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசுவது, மூச்சு வாங்குவது, கை கால் சில்லிடுவது எல்லாம் 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள். அடிவயிறு உப்பிக்கொண்டு, சிறுநீரே வரவில்லை என்றாலும் அப்படித்தான்.

மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, தலைசுற்றல், ரத்தக்கசிவு இருந்தால், எரிச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கருக்குழாயில் கர்ப்பம் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உள்ளேயே ரத்தம் கொட்டும். தொப்புளில் ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து, மணிக்கு மணி கூடும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். குடல்வால் சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் படிந்திருப்பவர்களுக்கு சிறுநீரில் சீழ் செல்லும் வரும், எரிச்சலும் வரும். "யூரின்ல பஸ் செல் இருக்கு, இன்ஃபெக்‌ஷன்தான்" என்று ஒரு ரிப்போர்ட்டை வைத்து வீட்டுக்குத் திரும்பியவர்களுக்குச் சிக்கல் ஆவது இப்படித்தான்.

கர்ப்பிணிகளுக்கு லேசான எரிச்சல் என்றாலும் அடுத்த செக்கப் வரை தள்ளிப்போட வேண்டாம். அவர்களுக்குத் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறும் வாய்ப்பு அதிகம், அது குறைப்பிரசவத்திலும் போய் முடியலாம். அறிகுறியே இல்லாமல் கல்ச்சரில் கிருமி வந்தால்கூட கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை கொடுப்பது இதனால்தான்.

சிவப்பாகச் சிறுநீர் வந்தவர்கள், தொற்று சரியான பிறகு ஒருமுறை பரிசோதனை செய்து ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எரிச்சல் போன பிறகும் ரத்தம் தொடர்ந்தால், அல்லது வலியே இல்லாமல் ரத்தம் வந்தால், குறிப்பாக 40 வயதைத் தாண்டியவர்களும் புகைபிடிப்பவர்களும் சிறுநீரகவியல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பல நேரம் அப்படித்தான் முதலில் தலைகாட்டும். எந்த டாக்டரிடம் போவது, எங்கே பரிசோதனை செய்வது என்று தெரியவில்லை என்றால், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.